சாயங்காலமானால் "ஊட்டுக்குப் போவணும்": டிமென்ஷியா வந்த பெரியவரோடு மாலைப் பொழுதைச் சமாளிப்பது

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை, வெளியே கிரில் கேட். அம்மாவுக்கு 76 வயது. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். இப்போது மகன், மருமகளோடு இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. பகலில் பெரிதாகத் தொந்தரவு இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு, "ஊட்டுக்குப் போவணும், இருட்டப் போவுது" என்று கேட்டை ஆட்டத் தொடங்கிவிடுவார். ஒன்பது மணி வரை அதே பேச்சு. பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடி.

டிமென்ஷியா உள்ள வீடுகளில் குடும்பத்தை அதிகம் களைக்க வைப்பது இந்த மாலைத் தவிப்புதான். பேசும் விதம், வீட்டின் பாதுகாப்பு, வெளி உதவி தேடும் நேரம் எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குள் வந்துவிடுகின்றன. அதனால் இதை மட்டும் எடுத்து விவரமாகப் பார்ப்போம்.

முதலில்: இது புதிதாக வந்ததா, பழையதா?

டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும் நோய். போன வாரம் வரை அமைதியாக இருந்தவர் இரண்டு நாளில் தலைகீழாக மாறினால், "வியாதி முத்திடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டர்கள் இதை டெலிரியம் என்பார்கள். ஒரு மணி நேரம் தெளிவு, அடுத்த மணி நேரம் குழப்பம் என்று மாறி மாறி வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும், அல்லது இல்லாத ஆளைக் காட்டிப் பேசுவார்.

காரணம் பெரும்பாலும் சாதாரணமானதாக இருக்கும். சிறுநீரில் தொற்று, மூன்று நாளாக மலம் கழியாதது, தண்ணீர் குடிக்காதது, நெஞ்சுச் சளி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். ஆகவே உடம்பு சுடவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். சமீபத்தில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சில வாரம் கழித்துக்கூட குழப்பம் வரும். திடீர் மாற்றம் என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மதியம் சரியாகச் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டிருப்பார், அல்லது போட்டதை மறந்து இரண்டாவது முறை போட்டிருப்பார். சாயங்காலம் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், எரிச்சல், குழப்பம். பார்ப்பதற்கு அப்படியே "மாலைத் தவிப்பு" போல இருக்கும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு அரை டம்ளர் தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வைத்து, நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். இனி மாத்திரை டப்பா அம்மா கையில் இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் எடுத்துக் கொடுத்து, விழுங்குவதைப் பார்த்துவிட்டு, காலண்டரில் டிக் அடிக்க வேண்டும்.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

திடீரென்று வந்தது இல்லை, மாதக்கணக்காக இப்படித்தான் என்றால், எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு பழைய நோட்டில் 7 நாள் குறித்து வையுங்கள். ஒரு நாளைக்கு நாலு வரி போதும்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, என்ன சொன்னார், எதனால் அடங்கியது. கூடவே மதியத் தூக்கம் எவ்வளவு நேரம், கடைசியாக எப்போது சாப்பிட்டார், மலம் கழித்தாரா என்பதையும்.

நம் அம்மா விஷயத்தில் அந்த நோட்டில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள். மதியம் ஒன்றரைக்குப் படுத்து நாலே கால் வரை தூக்கம். எழுந்ததும் டீ. ஐந்தே காலுக்கு மகன் வேலையிலிருந்து வந்து, பேக்கை வைத்துவிட்டு மறுபடி கடைக்குக் கிளம்புகிறார். டிவியில் சீரியல், யாரோ கத்தி அழுகிறார்கள். ஹாலில் லைட் இன்னும் போடவில்லை. "பசங்க தனியா கீது" என்ற பேச்சு தினமும் வருகிறது. வியாழக்கிழமை மட்டும் அமைதி. அன்று எதிர் வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

பாதி விடை இதிலேயே இருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் பகல் தூக்கம் இரவைக் கெடுக்கிறது. ஒருவர் செருப்பைப் போட்டுக் கிளம்பும் காட்சி, "நாமும் கிளம்ப வேண்டும்" என்று தோன்ற வைக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் மூளைக்கு ஹால் ஹாலாகத் தெரிவதில்லை, நிழல் ஆளாகத் தெரிகிறது. அழுகைச் சத்தம் டிவியிலிருந்து வருகிறது என்று பிரித்தறியும் திறன் போய்விட்டது. "பசங்க" என்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய கவலை: மீன் விற்றுவிட்டு இருட்டுவதற்குள் குழந்தைகளிடம் போய்ச் சேர வேண்டும்.

பதில் சொல்லும் விதம்

பெரும்பாலான வீடுகளில் முதலில் வரும் பதில் இது: "இதுதாம்மா உன் ஊடு. எத்தினி வாட்டி சொல்றது? அந்த ஊட்ட இட்ச்சி இருவது வருஷம் ஆவுது." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் கேட்பவருக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது? முன்பின் தெரியாத இடத்தில் தன்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, போக விடமாட்டேன் என்கிறார்கள் என்றுதான். "அப்பா எங்க?" என்று கேட்கும்போது "அப்பா செத்துட்டாரே" என்று சொல்வது இன்னும் மோசம். சாவுச் செய்தியை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார். அழுவார். பத்து நிமிடத்தில் செய்தி மறந்துபோகும், துக்கம் மட்டும் ராத்திரி முழுக்க நிற்கும்.

மருமகள் இப்படிப் பேசிப் பார்க்கலாம். முதலில் முன்பக்கமாக வந்து, அவர் உட்கார்ந்திருந்தால் தானும் உட்கார்ந்து, கண் பார்த்து, கையை மெதுவாகத் தொட்டுக் கூப்பிட வேண்டும். பின்னாலிருந்து தோளைப் பிடித்தால் பயந்துபோய் அடிப்பார், அது கோபம் அல்ல.

"அத்த, இன்னா அத்த?"

"ஊட்டுக்குப் போவணும். பசங்க தனியா கீது."

"பசங்கள நெனச்சா கவலையா இருக்கா?"

"சாப்ட்டுச்சிங்களோ இன்னாவோ."

"சாப்ட்டாச்சி அத்த. நான் பாத்தேன். ரசம் ஊத்தி சாப்ட்டாரு."

"...சாப்ட்டானா?"

"சாப்ட்டாச்சி. வா, நமக்கு நெத்திலி ஆயணும். ராவுக்கு கொழம்பு."

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் "பையன்" 50 வயது மகன், ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். முதலில் கவலையை ஒப்புக்கொள்வது, பிறகு அதற்கு ஒரு பதில், அதன் பிறகே வேறு வேலைக்குத் திருப்புவது. வரிசை மாறினால் பலிக்காது. எடுத்த எடுப்பில் "வா, நெத்திலி ஆயலாம்" என்றால் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே விஷயம். "டீ குடிச்சிட்டு முகம் கழுவிட்டு அந்தப் புடவைய மாத்திக்கோ" என்பது மூன்று வேலை, மூன்றும் நடக்காது. "டீ குடி அத்த" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை பொறுங்கள். பதில் வர அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் வேறு சொல்லில் மறுபடி கேட்டால், அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். "நான் யாருன்னு சொல்லு பாப்போம்?" என்று பரீட்சை வைக்கும் பழக்கத்தை வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடமும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பதில் அவர்களே, "அத்த, நான் மூர்த்தி, ராயபுரத்துலேர்ந்து வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு உட்காரட்டும்.

எதுவும் எடுபடாத நாளும் வரும். அன்று தடுக்காதீர்கள், கூடவே போங்கள். "சரி அத்த, போவலாம், நானும் வரேன்." தெருமுனை வரை போய், டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்து, வேறு பக்கமாகத் திரும்பி வாருங்கள். 10, 15 நிமிடம் போதும். திரும்பி வந்ததும் வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, "கால் கழுவிக்கோ அத்த" என்று சொல்லுங்கள். வெளியே போய்விட்டு வீட்டுக்கு வந்தால் கால் கழுவுவது ஆயுள் முழுக்க உடம்பில் ஊறிய பழக்கம். வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்று வார்த்தையால் புரிய வைக்க முடியாததை அந்தத் தண்ணீர் புரிய வைக்கலாம். காலைக் கழுவும்போது அவர் எதையாவது பிடித்துக்கொள்ளட்டும்.

மதியத்தையே மாற்றுவது

தவிப்பு தொடங்கிய பிறகு அடக்குவது கடினம். தொடங்குமுன் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். பகல் தூக்கம் அரை மணி நேரம், அதுவும் இரண்டு மணிக்குள் முடிய வேண்டும். காலையில் அரை மணி நேரமாவது வெயில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், வாசற்படி போதும். மதியத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். நாலு மணிக்கு மோரோ கஞ்சியோ, கூடவே ஏதாவது கொறிக்க. பசி, தாகம் என்று சொல்லத் தெரியாத நிலையில் அவை "வீட்டுக்குப் போகணும்" என்ற பேச்சாகத்தான் வெளியே வரும். மூத்திரம் முட்டுவதும் அப்படியே. நாலரைக்கு ஒருமுறை கூட்டிப் போய்விடுங்கள்.

சென்னையில் நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதங்களில் நாலே முக்காலுக்கே எல்லா லைட்டையும் போட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். மற்ற மாதங்களில் ஐந்தே காலுக்கு. இருட்டிய பிறகு போட்டால் பயன் குறைவு. சீரியலுக்குப் பதில் அவருக்குத் தெரிந்த பழைய பாட்டு, குறைந்த சத்தத்தில். கண்ணாடியில் தெரியும் கிழவியைப் பார்த்து "யாரு அது?" என்று கேட்கிறார் என்றால் கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள்.

ஐந்து மணிக்குக் கையில் வேலை இருக்க வேண்டும். நம் அம்மாவுக்கு நெத்திலி பொருத்தம். கத்தி, அரிவாள்மணை எதுவும் வேண்டாம், தலையைக் கிள்ளி எடுத்தால் போதும், விரல்களுக்கு அந்த வேலை மறக்கவில்லை. கால் கிலோ போதும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், பச்சையாக வாயில் போடுகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நெத்திலி இல்லாத நாளில் பூண்டு உரிக்கலாம், கீரை ஆயலாம். ஆய்ந்தது அரைகுறையாக இருந்தால் அவர் கண் முன்னால் திருத்தாதீர்கள். பொழுது போவதுதான் இங்கே காரியம், குழம்பு அல்ல.

விடியற்காலை மூன்று மணி விஷயமும் புரிந்திருக்கும். ஏலத்துக்குப் போகும் நேரம் அது. "இன்னிக்கு கடலுக்குப் போவல அத்த, மீன் வரல" என்பது அந்த வீட்டில் வேலை செய்யக்கூடிய பதில். இதில் கற்பனை இருக்கிறது. கவலையைத் தணிக்க வேறு வழி இல்லாதபோது அது பரவாயில்லை என்பது எங்கள் கருத்து. மாத்திரையை ஒளித்துக் கொடுக்கவோ, கைநாட்டு வாங்கவோ கற்பனையைப் பயன்படுத்துவது வேறு கதை, அது கூடாது.

கதவு, கேட், சம்ப்

வெளியே போக நினைப்பவர் பூட்டை உடைத்துக்கொண்டு போவதில்லை. திறந்திருக்கும் நேரத்தில் போகிறார். வடசென்னையில் அந்த நேரம் எது என்று யோசியுங்கள்: மெட்ரோ வாட்டர் லாரி வந்து எல்லோரும் குடத்தோடு ஓடும் அந்தப் பத்து நிமிடம். கேட் திறந்து கிடக்கும், தெருவெல்லாம் ஆள், யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள். லாரி வந்தால் யார் குடம் எடுப்பது, யார் அம்மாவோடு உட்காருவது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே ஆள் என்றால் அம்மாவையும் கையில் ஒரு சிறு சொம்போடு கூட்டிப் போய் அருகிலேயே நிறுத்துங்கள். கரண்ட் போன நேரம், வீட்டுக்கு விருந்தாளி வந்து போகும் நேரம், விசேஷ வீடு, இவையும் இப்படித்தான்.

கேட்டில் வழக்கமான தாழ்ப்பாளோடு, கீழே முழங்காலுக்குக் கீழ் மட்டத்தில் இன்னொரு தாழ்ப்பாள் வையுங்கள். பழகிய இடத்தில் கை தேடும், புது இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாது. திறந்தால் சத்தமிடும் காந்த அலாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். அது இல்லையென்றால் கேட்டில் ஒரு மணியைக் கட்டினாலும் ராத்திரிக்குப் போதும். செருப்பு, குடை, பை இவை வாசலில் கண்ணில் படக் கூடாது. ஆனால் வெளியே பூட்டுப் போட்டுவிட்டு அவரைத் தனியாக விட்டுப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால், விழுந்தால், உள்ளே போக யாராலும் முடியாது. ராத்திரி உள்ளே பூட்டுவதாக இருந்தால் சாவி எந்த ஆணியில் என்று வீட்டில் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தரையடித் தொட்டி உள்ள வீடுகளில் சம்ப் மூடியைப் பாருங்கள். உடைந்த பலகை, தகரம் எல்லாம் மூடி ஆகாது. பூட்டுப் போடக்கூடிய இரும்பு மூடி தேவை. மொட்டை மாடிக் கதவும் அப்படியே. சமைத்து முடித்த ஒவ்வொரு முறையும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பைத் திருகி விட்டு, பற்ற வைக்க மறப்பதுதான் பெரிய ஆபத்து. பினாயில், ஆசிட் ஆகியவற்றைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பாத்ரூமின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு ஒரு திரை போடுங்கள். தாழிட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் உள்ளே நின்று அழுவார். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன லைட் எரியட்டும்.

இன்னும் இரண்டு வேலை. ஜாக்கெட்டின் உள்பக்கக் கழுத்துப் பட்டியில் மகனுடைய போன் நம்பரைத் துணி மார்க்கரால் எழுதுங்கள், சுருக்குப் பையில் லேமினேட் செய்த சீட்டில் அதே நம்பர். ஆதார் நகலை நம்ப வேண்டாம், அதில் பழைய முகவரி இருந்தால் தேடுபவர் வேறு பக்கம் போய்விடுவார். அப்புறம் தினமும் காலையில் அன்றைய புடவையோடு ஒரு முழு உருவப் போட்டோ. காணாமல் போன அன்று "என்ன கலர் புடவை?" என்ற கேள்விக்கு வீட்டில் நாலு பேர் நாலு கலர் சொல்வார்கள்.

காணவில்லை என்றால்

முதல் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே: பாத்ரூம், மாடி, சம்ப், கட்டிலுக்குப் பின்னால், பக்கத்துப் போர்ஷன். இல்லை என்றால் உடனே 112. இருபத்துநாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. டிமென்ஷியா என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், அவர் தானாகத் திரும்பி வரலாம். இன்னொருவர் பழைய வீடு இருந்த பக்கம், நம் விஷயத்தில் காசிமேடு பக்கம், அவர் அந்தக் காலத்தில் நடந்த வழியிலேயே போக வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, கோயில் வாசலில் போட்டோவைக் காட்டுங்கள்.

பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம். கையில் காசு இல்லாமலே ஏறிவிடலாம், கண்டக்டருக்கும் சந்தேகம் வராது. அதனால் வீட்டருகே ஓடும் ரூட் பஸ்கள் போய் நிற்கும் கடைசி ஸ்டாண்டுகளுக்கும் ஆள் அனுப்புங்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் ரயில் பாதை அருகிலேயே ஓடுவதால் ரயில்வே உதவி எண் 139-க்கும் சொல்லிவிடுங்கள். கிடைத்ததும் திட்ட வேண்டாம். தண்ணீர் கொடுத்து, காலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது வெளி உதவி?

நோய் என்ன என்று இன்னும் முறையாகப் பார்க்கவே இல்லை என்றால் அதுதான் முதல் உதவி. வடசென்னைக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அயனாவரம் பக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டது. பி12 குறைவு, தைராய்டு, உப்புச்சத்துக் குறைவு, மன அழுத்தம் ஆகியவையும் மறதியைக் கொண்டு வரும், அல்லது இருக்கும் மறதியைக் கூட்டும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அதற்குத்தான்.

போகும்போது அந்த நோட்டையும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து எல்லாமே. சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகளே வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும். முக்கியமான விஷயங்களை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். டாக்டர் முன்னால் பத்து நிமிடம் நன்றாகப் பேசிச் சமாளித்துவிடுவது இந்த நோயில் சகஜம். "நல்லாத்தானே பேசுறாங்க" என்று முடிந்துவிடும். அவர் முன்னால் அவர் குறைகளை அடுக்கிச் சொல்வதும் தவிர்க்கப்படும்.

தவிப்புக்கு மாத்திரை எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எந்த நடத்தைக்காக, எத்தனை வாரத்துக்கு, எதைக் கண்டால் நிறுத்தி உங்களிடம் வர வேண்டும்? மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகள் டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பக்கவாதத்துக்கும் மரணத்துக்கும் உள்ள அபாயத்தைக் கூட்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் குறைந்த அளவில், குறுகிய காலம் தரப்படுபவை அவை. டிமென்ஷியாவில் லூயி பாடி என்ற வகைக்கு அவை இன்னும் ஆபத்து. நடை விறைத்தாலோ, பகல் முழுக்கத் தூங்கினாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ அடுத்த முறை வரை காத்திருக்காமல் போங்கள்.

இனி வீட்டில் பார்ப்பவரின் கணக்கு. இரவுத் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைந்து வாரக்கணக்காகிறது. ஒரே மாதத்தில் இரண்டு முறை வெளியே போய்விட்டார். குளிப்பாட்ட இரண்டு ஆள் தேவைப்படுகிறது. உடம்பு இளைக்கிறது, சோறு தொண்டையில் நிற்கிறது. பார்த்துக்கொள்பவர் தன் சர்க்கரை மாத்திரையையே போட மறக்கிறார். கோபத்தில் கை ஓங்கிவிட்டார், அல்லது ஓங்கிவிடுவோமோ என்று பயப்படுகிறார். இதில் ஒன்று இருந்தாலே உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது. கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றைக்கே. பொதுவாக இந்த வேலை மருமகள் தலையிலோ கல்யாணமாகாத மகள் தலையிலோதான் விழுகிறது, கேட்கக் கூச்சப்படுபவரும் அவரே. மற்றப் பிள்ளைகள் "பணம் அனுப்பறேன்" என்று சொன்னால், வாரத்தில் ஒரு ராத்திரி வந்து படுக்கச் சொல்லுங்கள்.

பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழில். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும், படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்த் தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியா குடும்பங்களுக்கென்றே சேவை நடத்துகிறது.

ஏஜென்சி மூலம் ஆள் வைப்பதாக இருந்தால், போலீஸ் சரிபார்ப்பு ஆனவரா, அவர் லீவு எடுத்தால் மாற்று ஆள் வருவாரா, இதற்கு முன் டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். "அம்மா வீட்டுக்குப் போகணும்னு கேட்டை ஆட்டினா என்ன செய்வீங்க?" என்பதையும் கேளுங்கள். "கதவப் பூட்டிடுவேன்" என்பவரை விட "பேச்சுக் குடுத்துப் பாப்பேன்" என்பவர் மேல். முதல் மூன்று நாள் வீட்டு ஆள் கூடவே இருக்க வேண்டும்.

புதிதாக வருபவருக்கும், எப்போதாவது ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் வார்டு நர்ஸுக்கும் கொடுக்க ஒரு தாள் எழுதி வையுங்கள். நம் அம்மாவுக்கு அது இப்படி இருக்கும்: "அத்த என்று கூப்பிட்டால் திரும்புவார். இடது காது கேட்காது, வலது பக்கம் உட்காரவும். நாலரைக்குப் பாத்ரூம் கூட்டிப் போகவும். ஐந்து மணிக்குப் பசங்களைக் கேட்பார், சாப்பிட்டாச்சு என்று சொல்லவும். மூன்று மணிக்கு எழுந்தால், இன்று மீன் வரவில்லை என்று சொல்லவும். ரொம்பத் தவித்தால் கொஞ்சம் நடக்க வைத்து, திரும்பி வந்ததும் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கவும்."